வாங்கியவருக்கே திரும்பும் உபரி: கூட்டுறவுச் சங்கத்தின் ரிபேட் கணக்கு

ஒரே கூட்டுறவுப் பண்டக சாலையில் இரண்டு உறுப்பினர்கள். லட்சுமியிடம் ₹100 முகமதிப்புள்ள 10 பங்குகள் இருக்கின்றன. வீட்டுக்கு வேண்டிய மளிகை முழுவதையும் சங்கக் கடையில்தான் வாங்குகிறார். ஆண்டுக்கு ₹48,000 ஆகிறது. முருகேசன் 50 பங்குகள் வைத்திருக்கிறார். ஆனால் கடைப் பக்கம் அவர் எப்போதாவதுதான் வருவார். ஆண்டு முழுவதும் வாங்கியது ₹6,000-க்குத்தான். ஆண்டு முடிவில் சங்கத்துக்கு உபரி நிற்கிறது. இருவரில் யாருக்கு அதிகம் போக வேண்டும்?

கம்பெனி என்றால் யோசிக்கவே வேண்டாம். போட்ட முதலுக்குத்தான் இலாபம், ஆகவே முருகேசனுக்கு. கூட்டுறவு வேறு கணக்குப் போடுகிறது. அந்த உபரி எங்கிருந்து வந்தது என்று முதலில் கேட்கிறது. லட்சுமி ஒவ்வொரு முறையும் சாமான் வாங்கும்போது, அடக்கவிலைக்கும் செலவுக்கும் மேலாகக் கொடுத்த சில ரூபாய்கள் சேர்ந்துதான் உபரியாகியிருக்கிறது. அது அவரிடம் கூடுதலாக வாங்கிய பணம். ஆண்டுக் கணக்கு முடிந்ததும், யார் எவ்வளவு வாங்கினார்களோ அந்த அளவில் அதைத் திருப்பித் தருவதுதான் ரிபேட். பங்குத் தொகைக்குத் தரப்படும் ஈவுத்தொகை தனி. அதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு.

இந்த முறையை உலகுக்குக் காட்டிய ஊர் இங்கிலாந்தின் ரோச்டேல். நெசவாலைகள் நிறைந்த அந்த ஊரில் 1844-ஆம் ஆண்டு 28 உறுப்பினர்கள் 28 பவுண்டு மூலதனத்தோடு ஒரு சங்கம் தொடங்கினார்கள். வாரந்தோறும் சில பென்சுகளாகச் சேர்த்த பணம் அது. அந்த டிசம்பர் 21 அன்று டோட் லேன் என்ற தெருவில் கடை திறந்தது. விற்பனைக்கு இருந்தவை மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் போன்ற சில பொருள்கள் மட்டுமே. வாங்கியதற்கு ஏற்ப இலாபத்தைப் பிரிக்கும் யோசனை அதற்கு முன்பே பிரிட்டனில் சில இடங்களில் முயன்று பார்க்கப்பட்டதுதான். அதைச் சந்தைவிலையில் விற்பது, கடன் கொடுக்காமல் ரொக்கத்துக்கே விற்பது, ஆளுக்கு ஒரு வாக்கு என்ற விதிகளோடு சேர்த்து நிலைக்க வைத்தவர்கள் ரோச்டேல்காரர்கள். ரொக்க விதிக்குக் காரணம் இருந்தது. அதே ஊரில் பத்தாண்டுக்கு முன் தொடங்கிய ஒரு கூட்டுறவுக் கடை, கடனுக்கு விற்றே மூடப்பட்டிருந்தது.

வாங்கும்போது உறுப்பினருக்கு உலோக வில்லைகள் கொடுப்பார்கள். ஒவ்வொரு வில்லையிலும் வாங்கிய தொகை பொறித்திருக்கும். காலாண்டு முடிவில் வில்லைகளைக் கொண்டுவந்து கொடுத்தால், அவர் மொத்தம் எவ்வளவு வாங்கினார் என்பது தெரிந்துவிடும். அதற்குரிய தொகையைக் கையில் வாங்கிக்கொள்ளலாம். சங்கத்திலேயே தன் பங்குக் கணக்கில் விட்டும் வைக்கலாம். பலர் விட்டுவைத்தார்கள். 28 பவுண்டில் தொடங்கிய சங்கத்தின் நிதி 1860-இல் 37,710 பவுண்டாக வளர்ந்திருந்தது. உறுப்பினர் எண்ணிக்கை 3,450. வெளியிலிருந்து பெரும் முதலாளி எவரும் பணம் போடவில்லை. சாப்பாட்டுச் சாமான் வாங்கிய குடும்பங்களின் பங்குக் கணக்கில் காலாண்டுக்குக் காலாண்டு ஏறிய சிறு தொகைகளே அந்த மூலதனத்தின் பெரும்பகுதி.

அந்த முன்மாதிரி சென்னைக்கும் வந்தது. ரோச்டேலைப் பார்த்து 1904-இல் திருவல்லிக்கேணியில் தொடங்கப்பட்ட நகரக் கூட்டுறவுச் சங்கம்தான் இன்றும் டி.யு.சி.எஸ். என்று சென்னைவாசிகள் அறிந்த பண்டக சாலை. அதே ஆண்டில் வந்த இந்தியக் கூட்டுறவுச் சட்டம் கடன் சங்கங்களை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. பண்டக சாலை போன்ற பிற சங்கங்களுக்கு முறையான இடம் கிடைத்தது 1912-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான்.

மூன்று லட்சத்தைப் பிரிப்பது எப்படி?

லட்சுமியும் முருகேசனும் இருக்கும் சங்கத்தின் கணக்கையே விரித்துப் பார்ப்போம். இது விளக்கத்துக்காக அமைத்த கணக்கு. உறுப்பினர்கள் 500 பேர். செலுத்தப்பட்ட பங்கு மூலதனம் ₹5,00,000. ஆண்டு விற்பனை ஒரு கோடி ரூபாய். அதில் உறுப்பினர்கள் வாங்கியது ₹80 லட்சம், உறுப்பினரல்லாதவர்கள் வாங்கியது ₹20 லட்சம். தணிக்கை முடிந்தபின் நிகர உபரி ₹3,00,000.

முழுத் தொகையையும் உடனே பிரித்துவிட முடியாது. சட்டம் சொல்லும் ஒதுக்கீடுகள் முதலில் போக வேண்டும். பல மாநிலங்களில் இயங்கும் சங்கங்களுக்கான 2002-ஆம் ஆண்டுச் சட்டம், நிகர இலாபத்தில் குறைந்தது 25 சதவீதத்தைக் காப்பு நிதிக்கும், குறைந்தது 10 சதவீதத்தை எதிர்பாராத இழப்புகளுக்கான நிதிக்கும், 1 சதவீதத்தைக் கூட்டுறவுக் கல்வி நிதிக்கும் ஒதுக்கச் சொல்கிறது. மாநிலச் சட்டத்தின் கீழ்ப் பதிவான சங்கங்களுக்கு அந்தந்த மாநிலத்தின் விகிதம். தமிழ்நாட்டுக்கு 1983-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நம் கணக்குக்கு முதலில் சொன்ன விகிதங்களையே வைத்துக்கொள்வோம். காப்பு நிதிக்கு ₹75,000, இழப்பு நிதிக்கு ₹30,000, கல்வி நிதிக்கு ₹3,000. மீதி ₹1,92,000.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று, உறுப்பினரல்லாதவர்கள் வாங்கியதால் வந்த உபரி. விற்பனையில் ஐந்தில் ஒரு பங்கு அவர்களுடையது என்பதால், உபரியிலும் சுமார் ₹60,000 அவர்களால் வந்தது. அதை உறுப்பினர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொண்டால், தாங்கள் கூடுதலாகக் கொடுத்ததைத் திரும்பப் பெறுவதாகாது. பிறர் பணத்தில் இலாபம் பார்ப்பதாகிவிடும். ஆகவே அந்தப் பகுதி பிரிக்க முடியாத நிதிகளுக்குப் போவதே சரி. நம் சங்கத்தில் ஒதுக்கியது மொத்தம் ₹1,08,000 என்பதால் அந்த நிபந்தனை தானாகவே நிறைவேறிவிடுகிறது.

அடுத்தது ஈவுத்தொகை. 6 சதவீதம் என்று நிர்வாகக் குழு பரிந்துரைக்கிறது. ஐந்து லட்சத்துக்கு ₹30,000. இப்போது கையில் ₹1,62,000. உறுப்பினர்கள் வாங்கிய ₹80 லட்சத்துக்கு 2 சதவீதம் ரிபேட் என்றால் ₹1,60,000 ஆகும். எஞ்சும் ₹2,000 அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகப்படும். ரிபேட் தரச் சங்கத்தின் துணைவிதியில் இடமிருக்க வேண்டும். பொதுப் பேரவையின் ஒப்புதலும் வேண்டும்.

லட்சுமிக்கு ஈவுத்தொகை ₹60, ரிபேட் ₹960, மொத்தம் ₹1,020. முருகேசனுக்கு ஈவுத்தொகை ₹300, ரிபேட் ₹120, மொத்தம் ₹420. இதே ₹1,90,000-ஐ முழுக்க முழுக்கப் பங்குக்கே கொடுத்திருந்தால் 38 சதவீதம் ஈவுத்தொகை வந்திருக்கும். அப்போது முருகேசனுக்கு ₹1,900, லட்சுமிக்கு வெறும் ₹380. ஆண்டு முழுவதும் கடையை நடக்க வைத்தவருக்கு ஐந்தில் ஒரு பங்கு. கடைக்கே வராதவருக்கு ஐந்து மடங்கு. பங்கின் மீதான ஈவுக்குச் சட்டம் உச்சவரம்பு வைப்பது இதனால்தான்.

பால் உற்பத்தியாளர் சங்கத்திலும் தத்துவம் இதுவே. திசை மட்டும் மாறும். அங்கே உறுப்பினர் வாங்குபவர் அல்ல, கொடுப்பவர். ஆகவே ஆண்டு முழுவதும் அவர் ஊற்றிய பாலின் மதிப்பை வைத்து போனஸ் கணக்கிடப்படும்.

பணமாகவா, பங்காகவா?

ரிபேட் ₹1,60,000 என்று பேரவை தீர்மானித்துவிட்டது. ஆனால் அந்தப் பணம் பெட்டியில் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. உபரி என்பது கணக்கில் வரும் தொகை. நிஜத்தில் அது கிடங்கில் அரிசி மூட்டையாகவும் பருப்பாகவும், புதிதாக வாங்கிய குளிர்பதனப் பெட்டியாகவும் மாறியிருக்கும். ₹1,60,000-ஐயும் ஒரே மாதத்தில் ரொக்கமாக எடுத்தால், தீபாவளிக்குச் சரக்கு வாங்கச் சங்கம் கடன் தேட வேண்டியிருக்கும்.

அதனால் பாதியை ரொக்கமாகவும் பாதியைப் பங்காகவும் தரலாம் என்று பேரவை முடிவெடுக்கிறது என வைத்துக்கொள்வோம். லட்சுமிக்கு ₹480 கையில் கிடைக்கும். மற்ற ₹480 அவர் பங்குக் கணக்கில் ஏறும். ஒரு பங்கு ₹100 என்பதால் நான்கு முழுப் பங்குகள் ஒதுக்கலாம், ₹80 மிஞ்சும். அதைப் பங்கு மூலதனத்தில் சேர்க்கக் கூடாது. ஒரு பங்கு நிறைவாகும்வரை அது அவர் பெயரில் பங்கு முன்பணமாக நிற்கும். முருகேசனுக்கு ₹60 ரொக்கம். மற்ற ₹60 ஒரு பங்குக்கே போதாது, முழுவதும் முன்பணத்தில் நிற்கும். 500 பேருக்கும் இப்படிப் போட்டுப் பார்த்தபோது பங்காக மாற வேண்டிய ₹80,000-இல் ₹55,000 முழுப் பங்குகளாகி, ₹25,000 முன்பணமாக நின்றது என்று கொள்வோம்.

குறிப்பேட்டில் இரண்டு பதிவுகள் வரும். முதலாவது, பேரவை தீர்மானித்த நாளில் உபரியைப் பிரிப்பது:

நிகர இலாபக் கணக்கு, பற்று: ₹3,00,000
காப்பு நிதி, வரவு: ₹75,000
எதிர்பாராத இழப்பு நிதி, வரவு: ₹30,000
கல்வி நிதி, வரவு: ₹3,000
தர வேண்டிய ஈவுத்தொகை, வரவு: ₹30,000
தர வேண்டிய ரிபேட், வரவு: ₹1,60,000
அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லும் உபரி, வரவு: ₹2,000

இந்த நொடியில் ரிபேட் சங்கத்தின் கடனாகிவிடுகிறது. அதுவரை அது சங்கத்தின் உபரி. இனி உறுப்பினர்களுக்குத் தர வேண்டிய பாக்கி. இரண்டாவது பதிவு அந்தக் கடனைத் தீர்ப்பது:

தர வேண்டிய ரிபேட், பற்று: ₹1,60,000
வங்கி, வரவு: ₹80,000
உறுப்பினர் பங்கு மூலதனம், வரவு: ₹55,000
பங்கு முன்பணம், வரவு: ₹25,000

பங்கு மூலதனம் ஐந்து லட்சத்திலிருந்து ₹5,55,000 ஆகிறது. ரிபேட்டில் பாதி, ₹80,000, வெளியே போகாமல் சங்கத்திலேயே உழைக்கிறது. பொதுப் பேரேட்டில் இது ஒரே வரி. ஆனால் பங்குப் பேரேட்டில் 500 பேரின் பக்கத்திலும் தனித்தனியாக ஏற வேண்டும்: ஒதுக்கிய நாள், பங்குகளின் எண்ணிக்கை, தொகை, சான்றிதழ் எண். லட்சுமியின் பக்கத்தில் பழைய 10 பங்குகளுக்குக் கீழே 4 சேர்ந்து 14 என்று இருக்க வேண்டும். அவர் பாஸ் புத்தகத்திலும் அதே எண் வர வேண்டும்.

எங்கே பிசகுகிறது?

முதல் பிசகு தேதியில் நேரும். நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. தணிக்கையும் பேரவையும் முடியச் செப்டம்பர் ஆகிவிடும். புதிய பங்குகள் அக்டோபர் 1 அன்று ஒதுக்கப்பட்டால், அந்த ஆண்டில் அவற்றுக்கு அரையாண்டு ஈவுத்தொகைதான் உண்டு. லட்சுமியின் நான்கு புதிய பங்குகளுக்கு ₹12. சிலர் வசதிக்காக ஏப்ரல் 1 என்று தேதியிட்டுவிடுவார்கள். அப்போது ₹24 கிடைக்கும். ஒருவருக்கு ₹12 பெரிதல்ல. சங்கம் முழுவதற்கும் ₹1,650 கூடுதலாகப் போகும். ஆண்டுதோறும் இப்படியே நடந்தால் தணிக்கையில் திருப்பி வசூலிக்கச் சொல்லும் தொகையாக அது வளரும்.

இரண்டாவது, இரண்டு பேரேடுகளும் ஒத்துப்போகாமல் இருப்பது. பொதுப் பேரேட்டில் பங்கு மூலதனம் ₹5,55,000 என்று இருக்கிறது. தனி உறுப்பினர்களின் பக்கங்களைக் கூட்டினால் ₹5,53,200 வருகிறது. ₹1,800 எங்கே? 18 பங்குகள் யாருடைய பக்கத்திலோ ஏறவில்லை. அல்லது இறந்துபோன உறுப்பினர்களின் பக்கத்தை மூடிவிட்டுப் பொதுப் பேரேட்டில் கழிக்க மறந்துவிட்டார்கள். இந்த இரு கூட்டுத்தொகைகளையும் ஒப்பிடுவதுதான் தணிக்கையாளர் பங்குக் கணக்கில் முதலில் செய்யும் சோதனை. ஆண்டுக்கொரு முறை அவர் வந்து கண்டுபிடிப்பதைவிட, செயலாளரே மாதந்தோறும் செய்துவிடலாம்.

மூன்றாவது பிசகு கணக்குப் புத்தகத்துக்கு வெளியே, கல்லாவில் தொடங்குகிறது. ரிபேட் வாங்கிய தொகையைச் சார்ந்தது என்பதால், பில்லில் உறுப்பினர் எண் விழாவிட்டால் அந்த விற்பனை யார் கணக்கிலும் ஏறாது. உறுப்பினர் எண்ணை அண்டை வீட்டார் சொல்லி வாங்கினால், வெளியார் வாங்கியது உறுப்பினர் வாங்கியதாகிவிடும். உறுப்பினர் விற்பனை ₹80 லட்சம் என்பது ஆண்டு முடிவில் ₹90 லட்சமாகக் காட்டினால், 2 சதவீத ரிபேட்டுக்குக் கூடுதலாக ₹20,000 வேண்டும். நம் சங்கத்தின் கையில் இருந்ததோ ₹1,62,000 மட்டுமே, ₹1,80,000-க்குப் போதாது. குடும்ப அட்டையில் உள்ளதைவிட மிகப் பெரிய கொள்முதல் ஒரே எண்ணில் தெரிந்தால், அங்கேதான் தேட வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது, இல்லாத உபரியைப் பிரிப்பது. ஆண்டுக் கடைசியில் கிடங்கில் இருக்கும் காலாவதியான சரக்கை முழு விலைக்கு மதிப்பிட்டால் உபரி கூடும். வராது என்று தெரிந்த பாக்கியை நல்ல பாக்கியாகக் காட்டினாலும் கூடும். அந்த உபரியிலிருந்து கொடுக்கும் ரிபேட், உண்மையில் உறுப்பினர்களின் சொந்தப் பங்குத் தொகையையே எடுத்து அவர்களுக்குக் கொடுப்பதாகும். ஒரு நல்ல அறிகுறி உண்டு: உபரி ஆண்டுக்கு ஆண்டு ஏறும்போது சரக்கிருப்பும் பாக்கியும் அதைவிட வேகமாக ஏறினால், பேரவையில் எழுந்து கேள்வி கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

பங்கு சங்கத்தின் சொத்தா, கடனா?

ரிபேட்டைப் பங்காக மாற்றுவது சங்கத்துக்கு வசதி. உறுப்பினருக்கோ ஒரு கேள்வி எழும்: என் பணம் எப்போது என் கைக்கு வரும்? கம்பெனிப் பங்கு என்றால் சந்தையில் விற்றுவிடலாம். கூட்டுறவுப் பங்குக்குச் சந்தை இல்லை. வெளியேறும் உறுப்பினருக்குச் சங்கம்தான் திருப்பித் தர வேண்டும். அதுவும் பெரும்பாலும் முகமதிப்பில்தான். முப்பது ஆண்டுக்கு முன் ₹100-க்கு வாங்கிய பங்குக்கு இன்றும் ₹100தான்.

உலகக் கணக்கியலிலும் இது ஒரு சிக்கலாக இருந்தது. உறுப்பினர் கேட்டவுடன் தந்தே தீர வேண்டும் என்றால் அந்தப் பங்கு மூலதனம் அல்ல, கடன். தர மறுக்கச் சங்கத்துக்கு நிபந்தனையற்ற உரிமை இருந்தால் அது மூலதனம். சர்வதேசக் கணக்கியல் விதிகளுக்கான விளக்கக் குழு 2004-இல் வெளியிட்ட ஐஃப்ரிக் 2 என்ற விளக்கம் இந்தக் கோட்டைத்தான் கிழித்தது. நடைமுறையில் சங்கங்களின் துணைவிதிகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. ஓராண்டில் இவ்வளவுக்கு மேல் பங்குத் தொகை திரும்பாது, நிர்வாகக் குழு ஒப்புதல் வேண்டும், இறந்தவரின் வாரிசுக்கு முன்னுரிமை என்பது போன்ற விதிகள் அவை.

முழுவதையும் பங்காகவே வைத்துக்கொள்ளும் ஆசைக்கு அமெரிக்கா ஒரு கடிவாளம் போட்டிருக்கிறது. அங்கே ரிபேட்டைத் தன் வருமானத்திலிருந்து உடனே கழித்துக்கொள்ள விரும்பும் சங்கம், குறைந்தது 20 சதவீதத்தைப் பணமாகத் தர வேண்டும் என்பது 1962 முதல் வருமான வரிச் சட்டத்தில் உள்ள விதி. காகிதத்தில் வந்த ரிபேட்டுக்கும் உறுப்பினர் வரி கட்ட வேண்டியிருப்பதால், அந்த வரிக்காவது கையில் பணம் வரட்டும் என்பது அதன் நியாயம்.

உறுப்பினர் வாங்காமல் விட்ட ரொக்க ரிபேட்டும் மறைந்துவிடாது. அது "தர வேண்டிய ரிபேட்" கணக்கில் கடனாகவே நிற்கும். துணைவிதி சொல்லும் காலம் முடிந்தபின்தான் அதைக் காப்பு நிதிக்கு மாற்றலாம். முகவரி மாறியவர், இறந்தவர், வெளியூர் போனவர் என ஒவ்வொரு சங்கத்திலும் இப்படிப் பாக்கிகள் கிடக்கும். அவற்றின் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது சங்கத்தின் கடமை.

நீங்கள் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் என்றால், அடுத்த பேரவைக்கு முன் ஒருநாள் அலுவலகத்துக்குச் சென்று மூன்றே விவரங்களைக் கேளுங்கள். உங்கள் பெயரில் எத்தனை பங்குகள் நிற்கின்றன, போன ஆண்டு உங்கள் எண்ணில் எவ்வளவு கொள்முதல் பதிவாகியிருக்கிறது, உங்களுக்குத் தர வேண்டிய ஈவோ ரிபேட்டோ வாங்காமல் கிடக்கிறதா. உங்கள் பங்குப் பேரேட்டுப் பக்கத்தைப் பாஸ் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அன்றே எழுத்தில் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். அந்தப் பக்கம் உங்களுடையது. அதைப் பார்க்கும் உரிமையும் உங்களுடையது.